ஆத்தங்குடி கல் பற்றிய 12 நிமிடப் படம்: தமிழில் சரியாக இருக்கிறது, மற்ற மொழிகளில் நேரம் நழுவுகிறது

காரைக்குடி கண்ணன்

வணக்கம். ஆத்தங்குடி கல் எப்படிச் செய்கிறார்கள் என்று 12 நிமிடப் படம் ஒன்றை எடுத்து முடித்திருக்கிறோம். தமிழில் பின்னணிக் குரல். இந்திக்கும் தெலுங்குக்கும் தனியாகக் குரல் பதிவு செய்தோம். ஆங்கிலத்துக்கும் பிரெஞ்சுக்கும் சப்டைட்டில் மட்டும். கானாடுகாத்தான் பக்கம் பழைய வீடுகளில் தங்க வருகிறவர்களில் பிரெஞ்சு பேசுகிறவர்கள் உண்டு, அதனால்தான் பிரெஞ்சு.

தமிழில் பார்த்தால் எல்லாம் சரி. மற்றவற்றில் மூன்று விதமான கோளாறு.

ஆங்கில சப்டைட்டில் தொடக்கத்தில் ஒட்டியே வருகிறது. ஆறாவது நிமிடத்தில் குரலுக்குக் கொஞ்சம் முன்னால் ஓடுகிறது. 11:40க்குப் போனால் நன்றாகவே முந்திவிடுகிறது.

இந்திக் குரல் 7:05 வரை படத்தோடு பிசகாமல் போகிறது. அப்புறம் திடீரென்று பின்தங்கி, கடைசி வரை அப்படியே பின்தங்கி நிற்கிறது.

மூன்றாவதுதான் எனக்குப் புரியவில்லை. முதல் இரண்டு நிமிடத்தில், நேரம் சரியாக இருக்கும் இடத்திலேயே, ஆங்கில வரி படத்துக்குப் பொருந்தவில்லை என்று பார்த்தவர்கள் சொல்கிறார்கள். குரலோடு வரி தொடங்குகிறது, குரலோடு முடிகிறது. ஆனாலும் பொருந்தவில்லை என்கிறார்கள். யாராவது இதைப் பார்த்திருக்கிறீர்களா?

பள்ளத்தூர் சிவா

அண்ணே, இது ரொம்ப எளிது. VLCயில் படத்தைப் போட்டு, சப்டைட்டில் முந்தினால் `h` அழுத்துங்கள், பிந்தினால் `g`. ஒவ்வொரு அழுத்தலுக்கும் 50 மில்லி நொடி நகரும். ஒட்டும் வரை அழுத்தி, திரையில் வரும் எண்ணைக் குறித்துக்கொண்டு, மொத்தக் கோப்பையும் அந்த அளவுக்குத் தள்ளிவிட்டால் வேலை முடிந்தது. நான் திருவிழா வீடியோக்களுக்கு எப்போதும் இப்படித்தான் செய்கிறேன்.

இன்னொன்று, ஆடியோ 44,100 ஹெர்ட்ஸில் பதிவாகி வீடியோவின் ஒலி 48,000இல் இருந்தாலும் இப்படி நழுவும். அதையும் பாருங்கள்.

கோட்டையூர் அடுப்படி

என் சமையல் வீடியோவிலும் சப்டைட்டில் தகராறுதான் தம்பி. தமிழ் வரிகளைப் போட்டால் பாதிக்கு மேல் சிவப்பாகக் காட்டி, வேகமாக ஓடுகிறது, படிக்க முடியாது என்று நிரல் சொல்கிறது. அதே நேரத்தில் ஆங்கில வரிகள் சிவப்பு ஆவதில்லை. எழுத்துரு மாற்றிப் பார்த்தேன், பலன் இல்லை. உங்களுக்கும் எழுத்துருதான் காரணமோ?

தேவகோட்டை மீனாள்

கண்ணன், மூன்றும் மூன்று நோய். தனித்தனியாகப் பார்க்க வேண்டும்.

முதலில் சிவா சொன்ன முறையை எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் அது நல்ல அளவுகோல். மருந்தாக அதைப் பயன்படுத்தாதீர்கள், அளக்க மட்டும் பயன்படுத்துங்கள். ஓர் இடத்தில் அளந்து மொத்தத்தையும் தள்ளினால், முழுப் படமும் ஒரே அளவு நழுவியிருந்தால்தான் சரியாகும். உங்கள் ஆங்கிலக் கோப்பில் தொடக்கம் சரி, போகப் போக விலகுகிறது. கடைசியைச் சரிசெய்யத் தள்ளினால் தொடக்கம் கெட்டுப்போகும்.

அதனால் மூன்று இடத்தில் அளந்து சொல்லுங்கள்: 1:00 பக்கம், 6:00 பக்கம், 11:40. ஒவ்வொன்றிலும் `h` எத்தனை முறை அழுத்தினால் ஒட்டுகிறது? இந்திக் குரலுக்கும் அதேபோல 7:05க்கு முன் ஓர் இடம், பின் இரண்டு இடம். அங்கே `h`க்குப் பதில் ஒலியை நகர்த்தும் `j`, `k`.

அப்புறம் இந்தக் கட்டளையைப் படத்தின் மேல் ஓட்டி, என்ன வருகிறது என்று போடுங்கள்.

```
ffprobe -v error -select_streams v:0 -show_entries stream=r_frame_rate,avg_frame_rate -of csv=p=0 padam.mp4
```

கோட்டையூர் அக்கா, உங்களுடையது வேறு. எழுத்துருவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ‘செட்டிநாடு’ என்பது நம் கண்ணுக்கு ஐந்து எழுத்து. கணினியில் கொம்பு, கால், புள்ளி எல்லாம் தனித்தனி. அதனால் பல நிரல்கள் அதைப் பத்து என்று எண்ணும். தமிழ் வரிக்கு அந்தச் சிவப்பை அப்படியே நம்ப வேண்டாம். வாய்விட்டுப் படித்துப் பாருங்கள், வரி மறைவதற்குள் படித்து முடிந்தால் போதும்.

கோட்டையூர் அடுப்படி

ஓ, அப்படியா! இத்தனை நாளும் வரிகளை வெட்டிக்கொண்டே இருந்தேன். நன்றி மீனாள்.

காரைக்குடி கண்ணன்

அளந்துவிட்டேன் அக்கா. ஆங்கிலத்தில் 1:00இல் வித்தியாசம் தெரியவே இல்லை. 6:00இல் ஏழு முறை, அதாவது 350 மில்லி நொடி. 11:40இல் பதினான்கு முறை, 700.

இந்திக் குரல் 6:30இல் பூஜ்யம். 7:20இல் 2 நொடி பின்னால். 11:00இலும் அதே 2 நொடி.

கட்டளைக்கு வந்த விடை:

```
30000/1001,30000/1001
```

தேவகோட்டை மீனாள்

நல்லது. விடையில் இரண்டு எண்ணும் ஒன்றாக இருப்பதால் படம் சீரான வேகத்தில் ஓடுகிறது. கைப்பேசியில் நேரடியாக எடுத்ததை அப்படியே வைத்திருந்தால் இரண்டும் பெரும்பாலும் வேறுபடும், அப்போது நழுவல் எந்தக் கணக்குக்கும் அடங்காது. உங்களுக்கு அந்தத் தொல்லை இல்லை.

இப்போது ஆங்கிலம். 6:00 என்றால் 360 நொடி, 0.35 நழுவல். 11:40 என்றால் 700 நொடி, 0.7 நழுவல். இரண்டிலும் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்கு. இது சரிவு. இதைப் பார்த்ததுமே எனக்குத் தோன்றுவது ஒன்றுதான். உங்கள் ஆங்கில நேரப் பட்டியலை யாரோ எடிட்டிங் நிரலின் கவுண்டரைப் பார்த்து நிமிடம், நொடி, பிரேம் என்று எழுதிக் கொடுத்திருப்பார்கள். அப்புறம் அது எஸ்.ஆர்.டி. கோப்பாக மாற்றப்பட்டிருக்கும்.

உங்கள் படம் நொடிக்கு 30 பிரேம் ஓடவில்லை, 29.97தான் ஓடுகிறது. ஆனால் அந்தக் கவுண்டர் 30 பிரேம் எண்ணியதும் ஒரு நொடி ஆனதாகக் காட்டும். உண்மையில் 30 பிரேம் ஓட 1.001 நொடி ஆகிறது. கவுண்டர் 11:40 என்று காட்டும்போது கடிகாரப்படி 11:40.7 ஆகியிருக்கும். எஸ்.ஆர்.டி. கோப்பு கடிகாரத்தைத்தான் பின்பற்றும், கவுண்டரை அல்ல. அதனால்தான் வரி முந்துகிறது. தமிழ் சப்டைட்டிலை நீங்கள் நேரடியாகக் கேட்டே குறித்திருப்பீர்கள், அதனால் அதற்கு ஒன்றும் ஆகவில்லை.

மருந்து: எல்லா நேரத்தையும் 1.001ஆல் பெருக்க வேண்டும். ஒரு வரிக்குப் போட்டுக் காட்டுகிறேன், முன்னும் பின்னும்.

```
118
00:11:40,000 --> 00:11:43,000

118
00:11:40,700 --> 00:11:43,703
```

கையால் வேண்டாம். Subtitle Edit நிரலில் `Point sync` என்று இருக்கிறது. தொடக்கத்தில் ஒரு வரியையும் கடைசிப் பக்கம் ஒரு வரியையும் காதால் கேட்டு ஒட்டவைத்தால் நடுவில் உள்ளதை அதுவே இழுத்துக்கொள்ளும். பிறகு 6:00ஐப் பாருங்கள். அங்கேயும் ஒட்டினால் நோய் சரிவுதான் என்று உறுதி. அங்கே ஒட்டாவிட்டால் வேறு ஏதோ கலந்திருக்கிறது.

ரெக்கார்டிஸ்ட் புதுவயல்

மீனாள் சொன்னது சரி. சிவா சொன்ன 44,100 விஷயத்தை மட்டும் தெளிவுபடுத்துகிறேன். இரண்டு அளவும் கலப்பதால் மட்டும் நழுவாது, நிரல் மாற்றிக்கொள்ளும். 44,100இல் பதிவானதை 48,000 என்று தவறாக எடுத்துக்கொண்டால்தான் தொல்லை. அப்போது ஒன்பது சதவீதம் போல வேகம் கூடிவிடும், குரலும் கீச்சென்று மாறிவிடும். 12 நிமிடத்தில் ஒரு நிமிடமே காணாமல் போகும். கண்ணன் சொல்லும் 0.7 நொடிக்கும் அதற்கும் தொடர்பே இல்லை. அதேபோல 24, 25 பிரேம் குழப்பமாக இருந்தால் 12 நிமிடத்தில் அரை நிமிடம் அளவு போயிருக்கும். நழுவல் எவ்வளவு என்பதை வைத்தே ஆளைப் பிடித்துவிடலாம்.

பள்ளத்தூர் சிவா

சரி, புரிந்தது. என் வீடியோக்கள் எல்லாம் இரண்டு, மூன்று நிமிடம்தான். அதில் சரிவு இருந்தாலும் கண்ணுக்குத் தெரியாது போல.

தேவகோட்டை மீனாள்

ஆமாம் சிவா, இந்தச் சரிவில் மூன்று நிமிடத்துக்கு 0.18 நொடிதான் வரும். யாரும் கவனிக்க மாட்டார்கள்.

இந்திக்கு வருகிறேன். அங்கே சரிவு இல்லை, ஒரே ஒரு படிக்கட்டு. 7:05 வரை பூஜ்யம், அதற்குப் பின் எங்கு பார்த்தாலும் 2 நொடி. குரல் பதிவுக்கு அனுப்பிய பிறகு அந்த இடத்தில் ஒரு ஷாட்டைக் குறைத்திருக்கிறீர்களா?

காரைக்குடி கண்ணன்

குறைத்தோம் அக்கா. கல்லை அடுக்கும் காட்சி நீளமாகத் தெரிந்தது, 2 நொடி எடுத்துவிட்டோம். தெலுங்குப் பதிவு அதற்குப் பிறகு நடந்ததால் அதில் தொல்லை வரவில்லை.

தேவகோட்டை மீனாள்

அப்படியானால் இந்தி ஒலியில் அதே இடத்தில் 2 நொடி எடுக்க வேண்டும். அங்கே பேச்சு இல்லாமல் இடைவெளி இருந்தால் அதை வெட்டுங்கள். பேச்சு தொடர்ந்து ஓடினால் அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் சுருக்கி மறுபடி பேசவைப்பதுதான் வழி. ஒலியை வேகப்படுத்தி 2 நொடி மிச்சம் பிடிக்க நினைக்காதீர்கள்.

இந்தி சப்டைட்டிலும் அதே கவுண்டர் பட்டியலில் இருந்து வந்திருந்தால் அதில் சரிவும் படிக்கட்டும் சேர்ந்தே இருக்கும். முதலில் சரிவை எடுங்கள், பிறகு படிக்கட்டை. இரண்டும் கலந்த நிலையில் `Point sync` செய்தால் தொடக்கமும் முடிவும் ஒட்டும், நடு முழுக்கக் கோணலாகும்.

இனிமேல் செய்வதற்கு: படத்தை மொழிக் குரலுக்கு அனுப்பும்போது திரையின் மூலையில் பதிப்பு எண்ணும் ஓடும் நேரமும் தெரியும்படி படத்திலேயே பதித்து அனுப்புங்கள். குரல் திரும்பி வரும்போது வரி வரியாக வெட்டிய கோப்புகளை வாங்காதீர்கள். பூஜ்யத்தில் தொடங்கி படத்தின் முழு நீளத்துக்கு ஒரே கோப்பாகக் கேளுங்கள். முதல் காட்சிக்குச் சரியாக இரண்டு நொடி முன்னால் ஒரு பிரேம் அளவுக்கு ‘பிப்’ ஒலி எல்லா மொழியிலும் இருக்கட்டும். அந்தப் பிப்பை ஒன்றன் கீழ் ஒன்றாக வைத்துப் பார்த்தாலே தொடக்கம் ஒட்டுகிறதா இல்லையா என்று கேட்காமலே தெரிந்துவிடும்.

மூன்றாவது கேள்விக்கு, பொருந்தாத அந்த இடத்தின் தமிழ் வாக்கியத்தை அப்படியே எழுதுங்கள். அந்த நேரத்தில் படத்தில் என்ன ஓடுகிறது என்பதையும் எழுதுங்கள்.

காரைக்குடி கண்ணன்

குரலில் வருவது இது:

“கண்ணாடித் தகட்டின் மேல் நிறக்கலவையை ஊற்றி, அதன் மேல் சிமெண்டும் மணலும் போட்டு அழுத்தி, இறுகிய பின் கண்ணாடியை விலக்கும்போதுதான் அந்தப் பளபளப்பு தெரியும்.”

படத்தில் மூன்று ஷாட். ஊற்றுவது, அழுத்துவது, கண்ணாடியை விலக்குவது. சப்டைட்டிலும் மூன்று வரி, ஒவ்வொரு ஷாட்டுக்கும் ஒன்று.

தேவகோட்டை மீனாள்

நினைத்தேன்.

தமிழில் வினைமுற்று கடைசியில் வருகிறது. ஊற்றி, போட்டு, அழுத்தி என்று கேட்பவரைக் கையைப் பிடித்து அழைத்துப்போய், கண்ணாடி விலகும் அதே நேரத்தில் பளபளப்பைக் காட்டுகிறீர்கள். தெலுங்கிலும் இந்தியிலும் வாக்கியம் ஏறக்குறைய இதே வரிசையில் வரும், அதனால் அங்கே புகார் இல்லை. ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் அப்படி இல்லை. நல்ல மொழிபெயர்ப்பாளர் இதை ஒரே வாக்கியமாக எழுதினால் ‘பளபளப்பு தெரிவது எப்போது என்றால்’ என்பதுதான் முதலில் வரும், ஊற்றுவதும் அழுத்துவதும் பின்னால் போகும். அதை மூன்றாக வெட்டினால், கண்ணாடியின் மேல் கலவையை ஊற்றிக்கொண்டிருக்கும்போதே திரையில் பளபளப்பு வந்துவிடும். கண்ணாடி விலகும்போது சிமெண்டும் மணலும் வரும். நேரம் ஒரு பிரேம் கூடப் பிசகவில்லை, பொருள்தான் இடம் மாறிவிட்டது. இதை எந்த நிரலும் சிவப்பு போட்டுக் காட்டாது. படத்தையும் வரியையும் சேர்த்துப் பார்க்கிற ஆளால்தான் கண்டுபிடிக்க முடியும்.

நான் இதை மொழிபெயர்ப்பில் சரிசெய்வதில்லை, தமிழிலேயே சரிசெய்துவிடுவேன். இப்படி:

“கண்ணாடித் தகட்டின் மேல் நிறக்கலவையை ஊற்றுகிறார். அதன் மேல் சிமெண்டும் மணலும் போட்டு அழுத்துகிறார். இறுகிய பின் கண்ணாடியை விலக்கினால், பளபளப்பு.”

ஒரு ஷாட்டுக்கு ஒரு முழு வாக்கியம். எந்த மொழிக்குப் போனாலும் அந்தந்த ஷாட்டுக்குள்ளேயே வாக்கியம் தன் வரிசையை மாற்றிக்கொள்ளட்டும், ஷாட்டைத் தாண்டாது.

நெற்குப்பை தமிழாசிரியர்

இந்த இழையை ஆர்வமாகப் படித்துவருகிறேன். தொழில்நுட்பம் எனக்குத் தெரியாது. ஆனால் இந்தக் கடைசி யோசனையை என்னால் ஏற்க முடியவில்லை, அம்மா.

ஊற்றி, போட்டு, அழுத்தி என்று வினையெச்சங்கள் அடுக்கி வருவது நம் பேச்சின் நடை. கைவேலை செய்கிறவர் தன் வேலையைச் சொன்னால் இப்படித்தான் சொல்வார், கை நிற்காமல் ஓடுவது அந்த வாக்கியத்தில் தெரியும். நீங்கள் மாற்றி எழுதியது மூன்று துண்டு அறிவிப்பு. பிரெஞ்சுக்காரருக்கு வசதியாக இருக்க வேண்டும் என்று தமிழ்க் கேட்பவருக்குத் தட்டையான தமிழைக் கொடுப்பது நியாயமா? மூலம் தமிழ்தானே?

தேவகோட்டை மீனாள்

ஐயா, உங்கள் வருத்தம் புரிகிறது, எனக்கும் அந்த வாக்கியம் பிடித்திருக்கிறது. எல்லா இடத்திலும் வெட்டச் சொல்லவில்லை. வாக்கியம் ஓடும்போது படம் மாறுகிறதா என்று மட்டும் பார்க்கிறேன். முழு வாக்கியத்துக்கும் ஒரே ஷாட்தான் என்றால் வினையெச்ச அடுக்கு அப்படியே இருக்கலாம். ஆங்கிலத்தில் வரிசை புரண்டாலும் படம் அதைக் காட்டிக்கொடுக்காது. படம் மூன்று முறை மாறும் இடத்தில்தான் தொல்லை.

நெற்குப்பை தமிழாசிரியர்

அப்படியென்றால் அந்த இடத்தில் படத்தை மாற்றக்கூடாதா? மூன்று ஷாட்டுக்குப் பதில் கையை விடாமல் தொடரும் ஒரே ஷாட்டாக வைத்தால் வாக்கியமும் தப்பிக்குமே.

காரைக்குடி கண்ணன்

ஐயா, ஊற்றுவதற்கும் கண்ணாடியை விலக்குவதற்கும் நடுவில் கல் இறுக வேண்டுமே. ஒரே ஷாட்டில் வராது. ஆனால் ஊற்றுவதையும் அழுத்துவதையும் ஒரே ஷாட்டாக வைக்க முடியும், அப்படி ஒன்று எடுத்திருக்கிறோம். “ஊற்றி, போட்டு, அழுத்துகிறார்” என்று ஒரு வாக்கியம், விலக்குவது தனி வாக்கியம் என்றால் உங்களுக்குச் சரிதானா?

நெற்குப்பை தமிழாசிரியர்

அது பரவாயில்லை. முழு மனதோடு இல்லை, ஆனால் பரவாயில்லை.

பள்ளத்தூர் சிவா

எனக்கு ஒரு சந்தேகம். இந்திக்குத் தனிக் குரல் இருக்கிறது, இந்தி சப்டைட்டிலும் இருக்கிறது. சப்டைட்டிலை எந்தக் குரலுக்கு ஒட்டவைப்பது? தமிழ்க் குரலுக்கா, இந்திக் குரலுக்கா?

தேவகோட்டை மீனாள்

சிவா, சரியான இடத்தைத் தொட்டுவிட்டீர்கள். ஒரே வீடியோவில் பல மொழி ஒலியை ஏற்றும்போது சப்டைட்டில் கோப்பு வீடியோவோடு இருக்கும், ஒலியோடு இருக்காது. ஒருவர் தமிழ்க் குரலைக் கேட்டுக்கொண்டு இந்தி வரியைப் படிப்பார், இன்னொருவர் இந்திக் குரலோடு அதே வரியைப் படிப்பார். இருவருக்கும் ஒரே கோப்புதான்.

அதனால் நான் ஸ்கிரிப்டை மொழிபெயர்ப்புக்கு அனுப்பும் முன்பே படத்தைத் துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தொடக்கமும் முடிவும் குறித்துவிடுவேன், பிரேமில் இல்லை, கடிகார நேரத்தில். கண்ணன் படத்தின் இந்த இடத்தையே எடுத்துக்கொள்வோம். ஊற்றி அழுத்தும் துண்டுக்கு 6.5 நொடி இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். தமிழ்க் குரல் அதில் 5 நொடிக்குள் முடிய வேண்டும். கடைசி ஒன்றரை நொடி மற்ற மொழிகளுக்கான இடம். தமிழை விளிம்பு வரை நிரப்பிவிட்டால் தெலுங்குக்கு 6 நொடி தேவைப்படும்போது எங்கே போவார்கள்? அவசர அவசரமாகப் பேசுவார்கள், அல்லது அடுத்த ஷாட்டுக்குள் வழிவார்கள்.

எல்லாக் குரலும் துண்டின் தொடக்கத்தை ஒட்டித் தொடங்க வேண்டும். அரை நொடி பிந்தலாம், முந்தவே கூடாது. சப்டைட்டில் துண்டின் தொடக்கத்தில் வந்து, எந்தக் குரல் நீளமோ அது முடியும் வரை நிற்கும். தமிழ்க் குரல் முடிந்த பிறகும் வரி ஒரு நொடி நிற்பதை யாரும் குறையாகச் சொல்வதில்லை. குரல் வருவதற்கு வெகு முன்னால் வரி வருவதுதான் உறுத்தும்.

ரெக்கார்டிஸ்ட் புதுவயல்

ஒன்றரை நொடி எல்லாத் துண்டுக்கும் கிடைக்காது மீனாள். வேகமாக வெட்டிய காட்சிகளில் துண்டே இரண்டு நொடிதான் இருக்கும். அங்கே நான் குரலை மூன்று, நான்கு சதவீதம் சுருக்குவேன், காதுக்குத் தெரியாது. அதற்கு மேல் போனால் மூச்சு ஒலி செயற்கையாகிவிடும்.

தேவகோட்டை மீனாள்

இருக்கலாம். நான் அந்த மாதிரி இடத்தில் இரண்டு, மூன்று ஷாட்டைச் சேர்த்து ஒரே துண்டாக எடுத்துக்கொள்வேன், குரலைத் தொட மாட்டேன். இது அவரவர் வழி.

காரைக்குடி கண்ணன்

அக்கா, சரிவு போய்விட்டது. `Point sync` செய்த பின் 6:00இல் அளந்தேன், ஒட்டுகிறது. இந்தியில் 7:05 பக்கம் பேச்சு ஓடுகிறது, அந்த வாக்கியத்தை மறுபடி பேசித்தரச் சொல்லியிருக்கிறேன்.

ஓர் இடம் மட்டும் மிச்சம். கல் செய்கிற பெரியவர் கேமராவைப் பார்த்து, தன் அப்பாவிடம் தொழில் கற்றதைச் சொல்கிறார். இருபது நொடிக்கு மேல் ஒரே மூச்சில், ஒரே வாக்கியம். அதை வெட்ட எனக்கு மனம் வரவில்லை.

தேவகோட்டை மீனாள்

வெட்ட வேண்டாம். படத்தில் அவர் முகம் மட்டும்தான், ஷாட் மாறவில்லை. ஆங்கில வரியில் வரிசை புரண்டால் புரளட்டும். ஒன்றை மட்டும் கவனியுங்கள், ஒரு வரி ஏழு நொடிக்கு மேல் திரையில் நிற்க வேண்டாம். நான்கு வரியாகப் பிரித்துக்கொள்ளுங்கள். அவர் கையைத் தூக்கிக் காட்டுவதோ சிரிப்பதோ இருந்தால், அந்தச் சொல் வரும் வரி அங்கே விழும்படி மட்டும் பாருங்கள்.

இந்தி, தெலுங்கில் அவருக்கு மேல் குரலை முழுதாகப் போர்த்த வேண்டாம். அவர் தமிழில் பேசத் தொடங்கி ஒரு நொடி கேட்கட்டும், பிறகு அவர் ஒலியைத் தாழ்த்தி மற்ற மொழிக் குரலைத் தொடங்குங்கள். அவர் முடிக்கும்போது மற்ற குரல் கொஞ்சம் முன்னாலேயே முடிந்து, அவருடைய கடைசிச் சொல் தமிழில் கேட்க வேண்டும்.

ரெக்கார்டிஸ்ட் புதுவயல்

அப்படியானால் இந்திக்காரருக்கு இருபதில் பதினெட்டு நொடிதான் மிஞ்சும். ஸ்கிரிப்டை இப்போதே சுருக்கச் சொல்லுங்கள் கண்ணன், பதிவு நாளன்று சுருக்கினால் பேசுகிறவர் திணறுவார்.

நெற்குப்பை தமிழாசிரியர்

அந்தப் பெரியவர் பேசியதை எழுத்தில் தர முடியுமா தம்பி? சுருக்கும்போது எதை விடலாம் என்று நானும் பார்க்கிறேன்.

காரைக்குடி கண்ணன்

இன்று இரவு தட்டச்சு செய்து இங்கேயே போடுகிறேன் ஐயா. அவர் மூச்சு விடும் இடங்களையும் நேரத்தோடு குறித்துவிடுகிறேன்.